அருமையும் தட்டுப்பாடும் ஒன்றா?

நம் மாணவர் எழுதும் பொருளியற் கட்டுரைகளிலே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கக் காண்கிறேன். ஒரு சொல்லை ஒரே பக்கத்தில் இருமுறை எழுதுதல் நடைக்கு இழுக்கென்று எண்ணி, 'அருமை' என்று தொடங்கியவர் அடுத்த வாக்கியத்தில் 'தட்டுப்பாடு' என்பார். பின்னர் 'பற்றாக்குறை' என்பார். முடிவில் 'பஞ்சம்' வந்து நிற்கும். செய்யுள் இயற்றுவார்க்கு இஃது அழகாகலாம். பொருளியலிலோ இது பிழையென்பதே என் கருத்து. குறைவு என்பது எதனோடு ஒப்பிட்டுக் கூறப்படுகிறது என்னும் வினாவுக்கு இச்சொற்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு விடை தருகின்றன.

சான்றுக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த முறையை நோக்குக. பார்களில் சிப்பி முதிர்ந்துள்ளதா என்று அரசாங்கத்தார் முன்னரே சோதிப்பர். மாதிரிக்கு எடுத்த சிப்பிகளின் முத்தை மதிப்பிட்டு, பயன் உண்டெனக் கண்டாலன்றிக் குளிப்பை அறிவியார். கரைக்கு வந்த சிப்பிகளை மூன்று கூறாக்கி, ஒன்றைக் குளிப்பவர்க்கு விட்டு, எஞ்சிய இரண்டையும் ஆயிரம் இன்ன விலையென்று ஏலங்கூறுதல் மரபு.

அவ்வேலக்களத்தில் விரும்புவார் பலர். சிப்பியோ எல்லார்க்கும் போதாது. இதுவே அருமை. ஒரு பருவத்தில் இலட்சக்கணக்காகச் சிப்பி கரையேறினும் அருமை நீங்காது. விலையின்றிக் கொடுப்பின் அத்தனையும் ஒரு நாழிகையில் தீர்ந்துவிடுமாதலின். ஆயினும் அங்கே தட்டுப்பாடு இல்லை. கேள்வி ஏற ஏற ஒவ்வொருவராய் விலகுவர். கடைசி விலையைக் கொடுக்கத் துணிந்தவர்க்குச் சரக்கு கிடைத்தே தீரும். இனி, ஆயிரத்துக்கு இன்ன விலைக்கு மேல் கேட்கலாகாதென்று ஒரு கட்டளை பிறந்ததாகக் கொள்வோம். அவ்விலையில் வாங்க ஐம்பது பேர் முன்வருவர். சிப்பியோ பத்துப் பேர்க்கே காணும். நாற்பது பேர் பணமிருந்தும் சரக்கின்றித் திரும்புவர். அப்பொழுதுதான் தட்டுப்பாடு தோன்றுகிறது. கடலில் ஒரு சிப்பியும் குறைந்ததில்லை, குறைந்தது விலையே.

அருமையும் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று. ஜப்பானியரின் வளர்ப்பு முத்து உலகச் சந்தையில் பரவியபின், 1930-ஐ ஒட்டி இயற்கை முத்தின் விலை சரிந்தது. மன்னார் வளைகுடாவில் சிப்பி பெருகியதால் அன்று. வாங்குவோர் மனம் வேறிடம் சென்றதால்.

பற்றாக்குறை என்பது கணக்கர் சொல். குளிப்பில்லாத ஆண்டிலும் பார்களைச் சோதிக்கப் படகும் ஆளும் வேண்டும், வரவோ இல்லை. செலவு வரவை மிஞ்சிய அத்தொகை பற்றாக்குறை. அதனை ரூபாயில் எழுதிக் காட்டலாம். அருமையை அங்ஙனம் எழுதிக் காட்ட இயலாது. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளுக்குப் பின்னர் அத்தொழில் இங்கே நடைபெறாது போயிற்று. அதற்கு இன்மை என்பதே பெயர். அதனையும் பற்றாக்குறை என்பார், பிறவாத பிள்ளையை இளைத்த பிள்ளை என்பாரை ஒப்பர்.

பஞ்சம் என்னும் சொல்லிலேதான் தவறு கொடிதாகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் மழை பொய்த்தது, பயிர் தீய்ந்தது. இவை யாவரும் அறிந்தவை. பயிரோடு உழவுக் கூலியும் போயிற்று என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தானியம் விற்ற விலையில் அதனை வாங்கக் கூலியாளிடம் காசில்லை. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிச் சென்றுகொண்டிருந்தது. 1943-இன் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலும், உணவு ஊரில் இருத்தல் வேறு, அதனைப் பெறும் வலிமை மக்களுக்கு இருத்தல் வேறு என்பதையே நிலைநாட்டிற்று. ஆகவே ஏலக்களத்திற் கண்ட நியாயம் இங்கே தலைகீழாகின்றது. விலை ஏறின் தட்டுப்பாடு தீரும், பஞ்சமோ முற்றும். ஒன்றன் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சாகும் இடத்தில் இரண்டையும் ஒரு பெயரால் அழைத்தல் தகுமோ?

நான் திருத்திய கட்டுரையொன்றில், "மழையின்மையால் நெல் அருமையாயிற்று, இப்பற்றாக்குறையை அரசு விலைக்கட்டுப்பாட்டால் நீக்கலாம்" என்றிருந்தது. பங்கீடும் உடன் இருப்பின் உள்ள நெல்லை ஏழையும் பெறுவான், அது நல்லதே. விலையை மட்டும் கட்டினாலோ நெல் பெருகாது, கடைவாயிலில் வரிசைதான் பெருகும். அம்மாணவர் நடையழகை மறந்து ஈரிடத்தும் 'தட்டுப்பாடு' என்றே எழுதியிருப்பாராயின், தட்டுப்பாட்டைப் பிறப்பிப்பதனையே அதற்கு மருந்தாகத் தாம் கூறியிருப்பதை அவ்வாக்கியமே அவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கும்.