படம் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்புகள்: போலி மெமரி கார்டுகள் குறித்து

ஆய்வு மாணவர் குழுக்களில் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. புதிதாக வாங்கிய மெமரி கார்டின் படத்தை ஒருவர் இடுவார். ‘எழுத்துரு தடிமனாக இருக்கிறது, போலி’ என்பார் ஒருவர். ‘உறையில் ஹோலோகிராம் இருக்கிறது, அசல்’ என்பார் மற்றொருவர். பத்து நிமிடத்தில் வழக்கு முடிந்துவிடும். முறையியலைப் பாடமாகப் படித்தவர்களே, ஒப்பிட வைத்த ‘அசல்’ படம் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

ஒரே நிறுவனத்தின் அட்டைகள் வெவ்வேறு ஆலைகளிலும் காலங்களிலும் அச்சாகின்றன. நிறமும் எழுத்தின் தடிமனும் தொகுதிக்குத் தொகுதி மாறும். கைப்பேசிப் படமோ நிறத்தை மேலும் திரிக்கும். உறை அச்சடிப்பது மலிவான வேலை; போலி செய்பவர் முதலில் கவனிப்பதே அதைத்தான். இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் பொதியிடப்பட்ட பொருட்கள் விதிகளின்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை முதலியன பொதியில் இருக்க வேண்டும். அந்த ஒட்டுத்தாள் இல்லையெனில் பொருள் முறையான வழியில் வரவில்லை என ஐயுறலாம், அவ்வளவே. ஒட்டுத்தாளையும் அச்சடிக்கலாம் அல்லவா?

அச்சு எதையுமே சொல்லாது என்பதல்ல வாதம். ‘சம்பி’ என்ற சிறு கணினிக் கருவியை உருவாக்கிய ஆண்ட்ரூ ‘பன்னி’ ஹுவாங், உற்பத்தியில் பழுதான மைக்ரோ எஸ்டி அட்டைகளை ஆராய்ந்து 2010இல் எழுதினார். நிறுவன முத்திரையும் தொகுதி எண்ணும் ஒரே அச்சில் விழுந்திருந்தது அவருக்கு ஐயத்தைத் தந்தது. தொகுதி எண் பொதுவாகத் தனியே அச்சாகும். ஆனால் அவர் அந்த ஐயத்தோடு நிற்கவில்லை. அட்டைக்குள் மின்னணு முறையில் பதிந்துள்ள அடையாள எண்களைப் படித்தார். மேலுறையை அகற்றி உள்ளிருந்த சில்லுகளை ஒப்பிட்டார். அச்சு தந்தது கேள்வியை மட்டுமே. விடை உள்ளே இருந்தது.

படத்திலிருந்து உறுதியாகச் சொல்லத்தக்கவையும் உண்டு. வேறொரு படத்தோடு ஒப்பிடாமல், பொருள் தன்னைத்தானே மறுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்டி தரத்தில் ‘எச்.சி.’ குறி 32 ஜிபி வரைக்கும் உரியது. அதற்கு மேல் ‘எக்ஸ்.சி.’ வர வேண்டும். 64 ஜிபி என்று போட்டு ‘எச்.சி.’ குறியிட்ட அட்டைக்கு வேறு சாட்சி தேவையில்லை. பென் டிரைவின் உறையில் ‘யூஎஸ்பி 3.0’ என்றிருந்தால், வழக்கமான பெரிய செருகியின் உள்ளே முன்வரிசையில் நான்கும் பின்வரிசையில் ஐந்துமாக ஒன்பது உலோகத் தொடுமுனைகள் இருக்க வேண்டும். நான்கே இருந்தால் அச்சு பொய். நீல நிறத்தை மட்டும் பார்த்து நம்புவது வீண். பிளாஸ்டிக்குக்கு எந்த நிறமும் பூசலாம். இந்த முரண்கள் போலியைக் காட்டிக்கொடுக்கும்; முரண் இல்லாமை அசலுக்குச் சான்றாகாது.

இழப்பு எப்படி நேர்கிறது என்று பார்ப்போம். உண்மையில் 8 ஜிபி மட்டுமே உள்ள அட்டை, கட்டுப்பாட்டுச் சில்லு பொய் சொல்வதால் 64 ஜிபி என்று கணினியில் காட்டுகிறது. வாய்மொழி வழக்காறு சேகரிக்கும் ஒருவர் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் பதிவு செய்தால் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும். எட்டாவது மணிநேரத்திற்குள் உண்மையான இடம் தீர்ந்துவிடும். பதிவுக்கருவி பெரும்பாலும் பிழை எதுவும் காட்டாது. கோப்புப் பட்டியல் அட்டையின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் பெயரும் அளவும் சரியாகவே தெரியும். பல அட்டைகளில் உள்ளே ஒலி இருக்காது, அல்லது பழைய பதிவின் மேல் புதியது விழுந்திருக்கும். பாடிய முதியவரிடம் மறுபடி சென்று கேட்கும் வாய்ப்பு எல்லா நேரமும் அமைவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க விண்டோசில் H2testw, லினக்சில் F3 ஆகிய இலவச நிரல்கள் போதும். அட்டையின் காலியிடம் முழுவதையும் அறியப்பட்ட தரவால் நிரப்பி, பின் அதையே படித்துச் சரிபார்க்கும் வேலை அது.

```
f3write /media/card
f3read /media/card
```

இங்கே `/media/card` என்பதற்குப் பதிலாக அட்டை இணைந்துள்ள பாதையை இட வேண்டும். முடிவில் `Data LOST` என்ற வரியில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் வந்தால் அட்டையைத் திருப்பி அனுப்பலாம். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 64 ஜிபி அட்டையை நிரப்ப ஒரு மணிநேரத்திற்குச் சற்றுக் குறைவாகும். படித்துச் சரிபார்க்கத் தனி நேரம். (64 ஜிபி அட்டை விண்டோசில் 59 சொச்சம் என்று காட்டுவது மோசடியன்று, எண்ணும் முறையின் வேறுபாடு. இதற்கும் ‘போலி’ என்று தீர்ப்பளித்தவர்கள் உண்டு.) அட்டை எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை இச்சோதனை சொல்லாது, சொன்ன கொள்ளளவு இருக்கிறதா என்பதைச் சொல்லிவிடும்.

இச்சோதனையைப் பதிவுப் பயணத்திற்கு முன்பே, பொருளைத் திருப்பும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும். குழுவில் இடுவதானால் உறையின் படத்தை விட்டுவிட்டு `f3read` தந்த வரிகளை இடலாம்.