திசையன்விளைக்கு வரும் தாமிரபரணி நீர்: ஸ்லைடில் இருக்கும் எந்த எண்ணை கார்டில் போடலாம்?

தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புத் திட்டம் 2025 பிப்ரவரியில் திறந்து வைக்கப்பட்டது. வீரவநல்லூர் பக்கம் வெள்ளாங்குளியில், கன்னடியன் கால்வாயில் தொடங்கும் வெள்ளநீர்க் கால்வாய் சுமார் 75 கிலோமீட்டர் ஓடி, திசையன்விளை அருகே எம்.எல். தேரியில் முடிகிறது. செம்மணல் தேரி, வறண்ட கிணறு, முருங்கை என்று இருக்கும் ஊர்களுக்கு மழைக்காலத்து உபரி நீரைக் கொண்டு வருவதுதான் நோக்கம்.

இதுமாதிரி திட்டங்களை விளக்கும் ஸ்லைடுகளில் எண்கள் வரிசைகட்டி நிற்கும். உபரி நீர் 13,758 மில்லியன் கன அடி, திருப்பப்படும் நீர் 2,765 மில்லியன் கன அடி, கால்வாயின் கொள்ளளவு விநாடிக்கு 3,200 கன அடி, பயன்பெறும் நிலம் 23,040 ஹெக்டேர், செலவு ரூ.1,060.76 கோடி. செய்தியாக்கும்போது இதிலிருந்து இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, பெரிய எழுத்தில் ஒரு கார்டாகப் போடுவார்கள். அந்த கார்டு வாட்ஸ்அப்பில் தனியாகச் சுற்றும். பக்கத்தில் ஸ்லைடு இருக்காது, விளக்கம் சொல்ல ஆளும் இருக்காது. தனியாக நின்றாலும் ஒரு எண் சரியான அர்த்தத்தைக் கொடுக்குமா என்பதுதான் முதல் சோதனை.

பெரிய எண் ஏன் ஆபத்து?

ஸ்லைடில் முதலில் கண்ணில் படுவது 13,758. ஆனால் இது தாமிரபரணியிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாகக் கடலுக்குப் போகும் மொத்த உபரி நீர். கால்வாய் எடுப்பதாகத் திட்டமிட்டிருப்பது அதில் 2,765 மட்டும்தான், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. கார்டில் 13,758-ஐப் பெரிசா போட்டு, கீழே "வறண்ட பகுதிக்கு வரும் தாமிரபரணி" என்று எழுதினால், பார்ப்பவர் அத்தனையும் தன் ஊருக்கு வருகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். இரண்டு எண்ணும் சரி, கார்டு தப்பு. போடுவதாக இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். இடமில்லை என்றால் சின்ன எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

மில்லியன் கன அடி என்றால் எவ்வளவு என்பது அடுத்த சிக்கல். நெல்லைக்காரருக்குத் தெரிந்த அளவு அணைதான். மணிமுத்தாறு அணையின் முழுக் கொள்ளளவு 5,511 மில்லியன் கன அடி. "மணிமுத்தாறு அணையில் பாதி அளவு நீர்" என்றால் 2,765 சட்டென்று புரிந்துவிடும்.

யாரும் எடுக்காத எண்

கால்வாயின் கொள்ளளவான 3,200 கன அடி, வழக்கமாக தொழில்நுட்ப ஸ்லைடில், குறுக்குவெட்டுப் படத்துக்குக் கீழே கிடக்கும். அதை யாரும் கார்டுக்கு எடுப்பதில்லை. ஆனால் விவசாயிக்குப் பதில் சொல்வது அந்த எண்தான்.

கணக்கு எளிது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. விநாடிக்கு 3,200 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 276 மில்லியன் கன அடி. 2,765-ஐ 276-ஆல் வகுத்தால் 10. கால்வாய் கரை நிறைய 10 நாள் ஓடினால் ஒரு ஆண்டுக்கான இலக்கு எட்டிவிடும்.

"10 நாள்" என்பது யாருக்கும் புரியும், அடுத்த டிசம்பரில் சரிபார்க்கவும் முடியும். கால்வாய் எத்தனை நாள் ஓடியது, எவ்வளவு உயரத்துக்கு ஓடியது என்று கரையோரத்துக்காரரே சொல்லிவிடுவார். ஆனால் இது ஸ்லைடில் நேரடியாக இல்லாத, கணக்குப் போட்டு எடுத்த எண். அதனால் "முழு அளவில் ஓடினால்" என்ற சொற்களை கார்டிலிருந்து எடுக்கக் கூடாது. பாதி அளவில் ஓடினால் 20 நாள் வேண்டும்.

இதே எண் இன்னொரு தவறையும் தடுக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணியில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போனது. அதில் 3,200 என்பது நான்கு சதவீதம்கூட இல்லை. ஆகவே "வெள்ளத்தைத் தடுக்கும் கால்வாய்" என்று ஒரு வரி ஸ்லைடில் இருந்தால், அது எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் கார்டுக்கு வரக் கூடாது. வெள்ளத்தில் ஒரு சிறு பங்கை எடுக்கும், அவ்வளவுதான்.

23,040 ஹெக்டேர் என்றால் என்ன?

இந்த எண்ணில் வினைச்சொல்தான் முக்கியம். ஏற்கெனவே குளத்துப் பாசனத்தில் இருக்கும் நிலமும் இதில் அடக்கம். "பயன்பெறும்" என்பது சரி, "புதிதாகப் பாசனம் பெறும்" என்று மாற்றினால் தப்பு.

2,765 மில்லியன் கன அடி நீரை 23,040 ஹெக்டேரில் சமமாகப் பரப்பினால் 34 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். ஒரு போகம் நெல்லுக்கு ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் தேவை. அதாவது இது நெல் விளைவிக்கும் அளவு நீர் அல்ல. குளத்தை நிரப்பி, கிணற்று மட்டத்தை ஏற்றி, மழைக்குத் துணையாக நிற்கும் நீர். அதுவே பெரிய விஷயம்தான். வாழையும் முருங்கையும் வைத்திருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் பச்சை வயல் படத்தின் மேல் 23,040 என்று போட்டால் கார்டு வேறு கதை சொல்லிவிடும்.

செலவு எண்ணுக்கு ஒரு குறிப்பு போதும். 2009-ல் அடிக்கல் நாட்டப்பட்டபோது மதிப்பீடு ரூ.369 கோடி. முடிந்தபோது ரூ.1,060.76 கோடி. ஆண்டு இல்லாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஊழல் செய்தி மாதிரி தெரியும். ஆண்டோடு போட்டால் 16 வருடத் தாமதமும் தெரியும், விலைவாசியும் நினைவுக்கு வரும்.

எந்த வாசகத்தை மேற்கோளாக எடுப்பது?

நதி இணைப்பு ஸ்லைடுகளில் "கடலில் வீணாகக் கலக்கும் நீர்" என்ற வரி பெரும்பாலும் இருக்கும். இதில் "வீணாக" என்பது தகவல் இல்லை, கருத்து. புன்னைக்காயல் கழிமுகத்தில் மீன் பிடிப்பவருக்கு ஆற்று நீர் கடல் சேர்வது வீண் இல்லை. மேற்கோள் குறிக்குள் போடுவதானால் சொன்னவர் பெயர் வேண்டும். பெயர் இல்லையா, "கடலுக்குச் செல்லும் உபரி நீர்" என்று எழுதலாம்.

எடுக்க வேண்டியது நிபந்தனை இருக்கும் வரி. இந்தத் திட்டத்தின் அடிப்படையே உபரியை மட்டும் எடுப்பது. பழைய பாசனத்துக்குப் போக மிஞ்சியதுதான் கால்வாய்க்கு. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயிக்கு அந்த ஒரு சொல்தான் பாதுகாப்பு. கார்டில் இடம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவதும் அதுவேதான். மூன்று புள்ளி வைத்து நிபந்தனையை விழுங்கிய மேற்கோளில், பேசியவர் தராத வாக்குறுதியை கார்டு தந்துவிடுகிறது.

இதையெல்லாம் கழித்தால் கார்டில் மிஞ்சுவது மூன்று வரி:

ஆண்டுக்கு 2,765 மில்லியன் கன அடி: மணிமுத்தாறு அணையில் பாதி.
கால்வாய் முழு அளவில் ஓடினால் 10 நாளில் வந்துவிடும்.
உபரி இருந்தால் மட்டும்.