பூட்டிய கணக்கு, ஓடுகிற பணம்!

வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. சாவி யார் கையிலோ இருக்கிறது. ஆனால் வீட்டு வாடகை மட்டும் மாதம் தவறாமல் நம் பையிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது! கேட்க வேடிக்கையாக இருக்கலாம். செல்போனில் சினிமா பார்க்கவும், பாட்டுக் கேட்கவும், பிள்ளைகளுக்குப் பாடம் படிக்கவும் மாதச் சந்தா கட்டும் குடும்பங்களில் இந்த வேடிக்கை இன்று நிஜமாகவே நடக்கிறது.

சந்தா வேண்டாம் என்றால் என்ன செய்யச் சொல்கிறார்கள்? "உங்கள் கணக்குக்குள் போங்கள், ரத்து என்ற பொத்தானை அழுத்துங்கள்" என்கிறார்கள். நல்லது. உள்ளே போகவே முடியாதவர் என்ன செய்வார்? கடவுச்சொல்லைத் திருடன் மாற்றிவிட்டான். அல்லது சரிபார்ப்பு எண், எப்போதோ கைவிட்ட பழைய செல் நம்பருக்குப் போகிறது. கம்பெனிக்கு எழுதினால், "உள்ளே வந்து ரத்து செய்யுங்கள்" என்றே மறுபடியும் பதில் வருகிறது. கிணற்றில் விழுந்தவனிடம், "மேலே ஏறி வந்து கயிறு வாங்கிக்கொள்" என்பது போல!

இந்த இடத்தில்தான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். சோர வேண்டியதில்லை. பணம் போகும் வழி அந்தக் கணக்குக்குள் இல்லை. அது நம் பாங்கியில் இருக்கிறது. அடைக்க வேண்டிய இடமும் அதுதான்.

எழுதிக் கொடுத்த உத்தரவு

சந்தா சேரும் நாளில் ஒருமுறை ரகசிய எண்ணைப் போடுகிறோம். அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அன்று நாம் கொடுத்தது ஒரு மாதத்துப் பணம் மட்டுமல்ல. "இந்தக் கம்பெனி மாதாமாதம் கேட்கும்போது என்னைக் கேளாமலே கொடுத்துவிடு" என்று நம் பாங்கிக்கு ஓர் உத்தரவும் கொடுத்திருக்கிறோம். யு.பி.ஐ. முறையில் இதற்கு 'ஆட்டோபே' என்று பெயர். 2020-ஆம் ஆண்டு இந்த வசதி வந்தது.

அந்த உத்தரவில் மூன்று விஷயங்கள் இருக்கும். யாருக்குக் கொடுப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது, அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பது. மூன்றாவதைத்தான் யாரும் படிப்பதில்லை! சந்தா 199 ரூபாய்தான் என்றாலும், உச்சவரம்பு ஆயிரம் ரூபாய், ஐயாயிரம் ரூபாய் என்று இருக்கக்கூடும். கம்பெனி அந்த வரம்புக்குள் எவ்வளவு கேட்டாலும் ரகசிய எண் இல்லாமலே பணம் போய்விடும். 15,000 ரூபாய் வரையுள்ள சாதாரணச் சந்தாக்களுக்கு ஒவ்வொரு முறையும் ரகசிய எண் தேவையில்லை என்று 2022-ஆம் ஆண்டு ரிசர்வ் பாங்கி அனுமதித்தது.

ஆகவே, கணக்கைப் பிடித்துக்கொண்ட திருடன் நம் ரகசிய எண்ணை அறிய வேண்டிய அவசியமே இல்லை. சாதாரணச் சந்தாவைப் பெரிய சந்தாவாக மாற்றினால் போதும். நாம் எழுதிக் கொடுத்த பழைய உத்தரவே அவனுக்காக வேலை செய்யும்.

ஒரு நாள் அவகாசம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டிலேயே தையல் வேலை செய்யும் ஓர் அம்மாள், மகளின் படிப்புக்காக மாதம் 199 ரூபாய்ச் சந்தா கட்டி வருகிறார். ஒரு நாள் மகளால் உள்ளே நுழைய முடியவில்லை. "கடவுச்சொல் தவறு" என்கிறது திரை. புதிய கடவுச்சொல் கேட்டால், முன்பின் தெரியாத ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறது. கணக்கு கை மாறிவிட்டது!

அந்த அம்மாள் செயலியைச் செல்போனிலிருந்து நீக்கிவிட்டார். பலரும் செய்வது இதுதான். ஆனால் செயலியை நீக்குவதால் உத்தரவு நீங்குவதில்லை. பத்திரிகையைப் படிக்காமல் மடித்து வைத்தால் பத்திரிகைக்காரர் பணம் வாங்காமல் போவாரா?

பத்து நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. "நாளை உங்கள் கணக்கிலிருந்து ரூ.649 எடுக்கப்படும்" என்று. இது விளம்பரம் அல்ல. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்பது அதில் இருக்கும். குப்பைச் செய்திகளோடு சேர்த்து இதையும் தள்ளிவிடுகிறவர்கள் ஏராளம். 199 எப்படி 649 ஆயிற்று என்று அந்த அம்மாள் கேட்டாரே, அந்த ஒரு கேள்விதான் அவரைக் காப்பாற்றியது.

அவர் கம்பெனிக் கணக்கோடு போராடவில்லை. எந்த யு.பி.ஐ. செயலி வழியாக முதலில் சந்தா கட்டினாரோ, அதைத் திறந்தார். தம் பெயருள்ள பக்கத்தில் AutoPay என்ற பகுதி இருந்தது. அதில் மூன்று உத்தரவுகள் தெரிந்தன. ஒன்று மின்சாரக் கட்டணம். மற்ற இரண்டும் அவர் கேள்விப்படாத பெயர்கள்!

இங்கேதான் அவசரப்படக் கூடாது. செயலியின் பெயர் ஒன்று, அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயர் வேறொன்று. பட்டியலில் பல சமயம் இரண்டாவது பெயரே இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய பாங்கிக் குறிப்பில் மாதாமாதம் 199 ரூபாய் எந்தத் தேதியில், எந்தப் பெயருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். அம்மாள் அப்படித்தான் கண்டுபிடித்தார். இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் தவணையை நிறுத்திவிட்டுச் சந்தாவை விட்டுவைத்திருப்பார்.

அந்த உத்தரவைத் திறந்தால் உள்ளே Pause என்றும் Revoke என்றும் இரண்டு பொத்தான்கள். முன்னது தற்காலிகமாக நிறுத்துவது. தேதி வந்தால் மறுபடியும் பணம் போகும். பின்னதுதான் ரத்து. சில செயலிகளில் அதே இடத்தில் Cancel என்றிருக்கும். அழுத்தியதும் ரகசிய எண் கேட்டது. போட்டார். "உத்தரவு ரத்தாகிவிட்டது" என்று செய்தி வந்தது. அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டார். கடைசி நிமிஷம் வரை காத்திராமல், செய்தி வந்த அன்றே செய்ததும் நல்லதாயிற்று.

பாங்கி அட்டை மூலம் சந்தா கட்டுகிறவர்களுக்கு வழி சற்று வேறு. அவர்களுடைய உத்தரவு யு.பி.ஐ. செயலியில் தெரியாது. அட்டை கொடுத்த பாங்கியின் செயலியில் அல்லது இணையப் பக்கத்தில், அட்டைகளுக்குரிய பகுதியில் தேட வேண்டும். முன்னறிவிப்புச் செய்தியிலேயே அந்தத் தவணையையோ உத்தரவையோ மறுக்கும் வழி இருக்க வேண்டும் என்பதும் விதி. ஒன்றும் புரியவில்லையானால், பாங்கிக் கிளைக்கே போய், "இந்தக் கம்பெனிக்கு நான் கொடுத்த மாதாந்தர உத்தரவை ரத்து செய்யுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, முத்திரையோடு நகல் வாங்கிக்கொள்ளலாம். "அட்டையை முடக்குங்கள்" என்று மட்டும் சொல்வது போதாது. அட்டை வேறு, உத்தரவு வேறு. வெளிநாடுகளில், அட்டை மாறினால் புதிய எண்ணைக் கடைக்காரருக்கு அறிவிக்கும் சேவையை விசா, மாஸ்டர்கார்டு கம்பெனிகளே நடத்துகின்றன. அங்கே புது அட்டையிலும் பழைய சந்தா தொடர்ந்து வருவது உண்டு!

பணம் நின்றது, பிறகு?

இனி போகும் பணம் நின்றுவிட்டது. ஆனால் கம்பெனியோடு உள்ள உடன்படிக்கை முடிந்துவிடவில்லை. முன்பணம் கட்டும் சந்தாவானால், பணம் வராத கம்பெனி பெரும்பாலும் சேவையை நிறுத்திவிடும். பயன்படுத்திய பிறகு பில் வருகிற சேவையானால், அது பாக்கியாக ஏறும். கடன் தவணையை இப்படி நிறுத்தினாலோ வட்டியும் அபராதமும் சேரும். எனவே கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது அவசியம்.

கணக்குக்குள் போக முடியாதவர், கணக்கு தம்முடையது என்று எப்படி நிரூபிப்பது? பணம் கட்டிய ரசீதுதான் சாட்சி. திருடன் மின்னஞ்சலை மாற்றலாம், பெயரை மாற்றலாம்; கடந்த மாதம் யாருடைய பாங்கியிலிருந்து பணம் வந்தது என்பதை அவனால் மாற்ற முடியாது. ஒவ்வொரு யு.பி.ஐ. பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. அந்த எண், தேதி, தொகை, முன்பு பதிவு செய்திருந்த மின்னஞ்சல், கணக்கு கை மாறிய நாள், இவற்றை எழுதி, "சந்தாவை ரத்து செய்யுங்கள், இந்தத் தேதிக்குப் பின் எடுத்ததைத் திருப்பித் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். ரகசிய எண்ணையும் சரிபார்ப்பு எண்ணையும் எந்தக் கம்பெனியும் இதற்காகக் கேட்காது. கேட்டால் பேசுகிறவன் கம்பெனிக்காரன் அல்ல!

கம்பெனியின் உதவி எண்ணை இணையத்தில் தேடி, முதலில் தென்படும் எண்ணுக்குப் போன் செய்வது ஆபத்து. ஏமாற்றுக்காரர்கள் கடை விரித்திருக்கும் இடம் அது. பழைய ரசீதிலோ கம்பெனியின் சொந்தப் பக்கத்திலோ உள்ள முகவரியே சரி.

சந்தாக் கணக்கு மட்டுமல்லாமல் மின்னஞ்சலோ செல் நம்பரோ கூடத் திருடன் கைக்குப் போயிருந்தால், அப்போது வரிசை மாறும். முதலில் பாங்கிக்குச் சொல்லி யு.பி.ஐ. வசதியை முடக்க வேண்டும். செல் கம்பெனிக்குச் சொல்லி சிம்மை நிறுத்த வேண்டும். உத்தரவு தெரியாமல் பணம் பறிபோயிருந்தால், 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சந்தாவைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே போன பணம் திரும்புமா? இதில் மனக்கோட்டை கட்டக் கூடாது. உத்தரவு கொடுத்தது நாம்தான் என்பதால், "உங்கள் அனுமதியின்படிதானே எடுத்தார்கள்" என்று பாங்கி சொல்லக்கூடும். அந்த நிலையில் திருப்பித் தர வேண்டியது கம்பெனி. ரத்தான பிறகும் பணம் போனால் மட்டும் விவகாரம் வேறு. அப்போது குற்றம் நம்முடையதல்ல.

இவ்வளவு சுற்றுவழி ஏன் என்ற கேள்வி எழாமல் இல்லை. பணம் வாங்க மட்டும் வாசலைத் திறந்து வைத்துவிட்டு, போக விரும்புகிறவருக்கு உள்ளறையில் ஒரே ஒரு கதவு வைப்பது நியாயமான வியாபாரமா? ரசீதைக் காட்டினால் வெளியிலிருந்தே ரத்து செய்யும் வழியைக் கம்பெனிகள் வைக்க வேண்டும். உத்தரவுப் பட்டியலில் ஜனங்கள் அறிந்த செயலியின் பெயரையே போடுவதற்குப் பாங்கிகளுக்கும் என்ன கஷ்டம்? வாயில் நுழையாத பதிவுப் பெயரைப் பார்த்து எந்த வீட்டு அம்மாள் அடையாளம் காண்பார்?

அடுத்த மாதம் அதே தேதியில் பாங்கிக் குறிப்பை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பணம் போகவில்லையானால் காரியம் முடிந்தது. போயிருந்தால், ரத்தான செய்தியின் நகலோடு பாங்கியில் புகார் கொடுத்து, புகார் எண் வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in என்ற பக்கத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை.