கீரை குற்றவாளி அல்ல

"வார்ஃபரின் சாப்பிடுறவங்க கீரையைத் தொடவே கூடாது." அருப்புக்கோட்டையில் மருந்துக்கடையில் சொல்கிறார்கள். திருச்சுழிப் பக்கம் அடுத்த வீட்டு அத்தை சொல்கிறார். அறுவை முடித்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டின் கடைசி வரியிலும் "கீரை தவிர்க்கவும்" என்று இருக்கிறது. எத்தனை பேர் சொன்னாலும் இது தவறு. உயிரோடு விளையாடும் தவறு.

சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்து, செயற்கை உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு முதன்முதலில் 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. விலை குறைந்த அந்த வால்வால் பிழைத்த ஏழைகள் ஏராளம். ஆனால் உலோக வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க, ஆயுள் முழுக்க வார்ஃபரினோ அதன் உறவான அசெனோகூமராலோ சாப்பிட்டே ஆகவேண்டும். புதிதாக வந்த மாத்திரைகள் உலோக வால்வுக்கு உதவாது.

வார்ஃபரின் என்ன செய்கிறது? ரத்தத்தை உறையவைக்கும் சில புரதங்களைச் செய்து முடிக்க ஈரலுக்கு வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடம்பு மறுபடி புதுப்பித்து எடுத்துக்கொள்ளும். அந்தப் புதுப்பிக்கும் வேலையைத்தான் வார்ஃபரின் தடுக்கிறது. ஆகவே தட்டில் வரும் வைட்டமின் கேயும் மாத்திரையின் அளவும் தராசின் இரண்டு தட்டுகள். தராசு நேராக நிற்கிறதா என்று காட்டுவது ஐ.என்.ஆர். சோதனை. மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவருக்கு அது பெரும்பாலும் 2.5க்கும் 3.5க்கும் நடுவில் நிற்கவேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். கூடினால் ரத்தம் கசியும்.

அப்படியானால் ஒரு தட்டைக் காலியாகவே வைத்துவிட்டால் நிம்மதிதானே என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம். பிழை அங்கேதான் இருக்கிறது. நிறைந்த கண்மாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் மட்டம் மாறாது. வற்றிய கண்மாயின் சிறு குட்டையில் அதே குடத்தை ஊற்றினால் சட்டென்று ஏறும். உடம்பில் வைட்டமின் கே சேமிப்பு மிகக் குறைவு. கீரையில்லாப் பத்தியம் அதையும் குட்டையாக்கிவிடும். அதன்பின் ஒரு கல்யாண விருந்தே ஐ.என்.ஆரை ஆட்டிவிடும். இங்கிலாந்தின் நியூகாசில் ஆய்வாளர்கள் இதைத்தான் கண்டார்கள்: ஐ.என்.ஆர். நிலையில்லாமல் ஏறி இறங்கியவர்கள் உணவில் வைட்டமின் கே குறைவாக எடுத்தவர்கள். அதற்காக யாரும் தானாக வைட்டமின் மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இங்கே பகை கீரை அல்ல, அளவு மாறுவது.

நம் கரிசல் காட்டில் அளவு எப்படி மாறும்? மருந்து சாப்பிடும் ஓர் அம்மாவின் ஆண்டை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். பங்குனி, சித்திரையில் காடு காய்ந்து கிடக்கும். சீட்டு சொன்னபடி அவர் கீரையை விட்டுவிட்டார். 5 மில்லிகிராம் மாத்திரையில் ஐ.என்.ஆர். 3. ஐப்பசி மழை விழுந்ததும் வரப்பெல்லாம் பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை. களை எடுக்கப் போனவர் மடி நிறையப் பறித்து வருகிறார். காசில்லாமல் கிடைக்கும் காய்கறி அதுதான். வாரத்தில் ஐந்து நாள் கீரை. ஐ.என்.ஆர். 1.8க்கு இறங்குகிறது. "கீரை சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் திட்டுவார்களே என்ற பயத்தில் "இல்லைங்க சார்" என்கிறார். மாத்திரை 6 மில்லிகிராமுக்கு ஏறுகிறது. மாசியில் வரப்பு காய்கிறது, கீரை நிற்கிறது, மாத்திரை மட்டும் குறையவில்லை. அந்த நேரத்தில் காய்ச்சல். ஒரு வாரம் வெறும் கஞ்சி, கூடவே கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக். ஐ.என்.ஆர். 5ஐத் தாண்டுகிறது. பல் துலக்கினால் ரத்தம், மலம் கருப்பு. கீரை சாப்பிட்டதால் வந்த ஆபத்து அல்ல இது. கீரையை மறைக்கவைத்ததால் வந்தது.

இதில் அடுத்த குற்றவாளி நம் பதிவேடு. "உணவு ஆலோசனை வழங்கப்பட்டது" என்ற ஒற்றை வரியை வைத்து அடுத்து வரும் டாக்டர் என்ன செய்வார்? அந்த அம்மாவை விசாரித்தால் எழுதவேண்டியது இதுதான்:

"கீரை: மழைக்காலத்தில் வாரம் 5 நாள், கோடையில் இல்லை. முருங்கைக்கீரைப் பொடி: இல்லை. சமையல் எண்ணெய்: ரேஷன் பாமாயில். சமைப்பவர்: மருமகள். ஐ.என்.ஆர். 1.8, கீரை கூடியதோடு ஒத்துப்போகிறது. முடிவு: ஆண்டு முழுக்கத் திங்கள், புதன், வெள்ளி, சமைத்த கீரை இரண்டு குழிக்கரண்டி. வரப்புக் கீரை இல்லாத மாதத்தில் முருங்கைக்கீரை. மருமகளும் உடனிருந்தார், அம்மா அளவையும் நாளையும் திருப்பிச் சொன்னார். மாத்திரை அளவை மாற்றுமுன் கவனிக்க டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. ஒரு வாரத்தில் மறு சோதனை."

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பொடியைக் கேட்பது, காய்ந்த இலை சுண்டிப்போனது, ஒரு கரண்டியிலேயே கைநிறைய இலை அடங்கும் என்பதால். எண்ணெயைக் கேட்பது, கடலை எண்ணெயில் வைட்டமின் கே மிகக் குறைவு, சோயா எண்ணெயில் நிறைய என்பதால். எண்ணெய் மாறினால் கீரை மாறாமலே கணக்கு மாறும். திருப்பிச் சொல்லவைப்பது, நாம் சொன்னதற்கும் அவர் புரிந்துகொண்டதற்கும் உள்ள தூரத்தை அளக்க.

அதே விசாரிப்பில் மற்றவையும் வெளிவரும். அவர் இரும்புச்சத்து மாத்திரையைக் காலை டீயோடு விழுங்குகிறார் என்றால், டீ அந்த இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. நீர் பிரிய ஃபுரோசமைடும் இதயத்துக்கு டிகாக்சினும் சாப்பிடுகிறார் என்றால், முதல் மாத்திரை பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் இரண்டாவது மாத்திரை நஞ்சாகும். அதற்காக "இளநீர் குடி" என்று சொல்லிவிடவும் முடியாது. ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்திருந்தால் பொட்டாசியம் எல்லை மீறலாம். ரத்தச் சோதனை எண்ணைப் பார்த்து, அதையும் பக்கத்தில் எழுதித்தான் சொல்லவேண்டும்.

"படிக்காத சனத்துக்கு அளவெல்லாம் புரியாது, தடை போடுவதே சுலபம்" என்கிறார்கள். மழை பார்த்து விதைப்பவருக்கு, குழிக்கரண்டி கணக்கும் கிழமை கணக்கும் புரியாதா? புரியாதது, பசியோடு வீட்டுக்கு வருபவர் காலடியில் முளைத்த கீரையைத் தாண்டிப் போகவேண்டும் என்ற கட்டளைதான். அது அவரைப் பொய் சொல்லவைக்கும். பொய்யின் மேல் போட்ட மருந்தளவு ஆளைக் கொல்லும்.

வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களே, இதைப் படித்துவிட்டு நாளைக்கே கீரையை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையும் கிழமையையும் முடிவுசெய்யுங்கள், ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பாருங்கள். சீட்டு எழுதும் கைகளுக்கு ஒரு வேண்டுகோள்: "கீரை தவிர்க்கவும்" என்ற வரியை அடித்துவிட்டு, எந்தக் கீரை, எத்தனை கரண்டி, எந்தக் கிழமை என்று எழுதுங்கள்.