நீந்தினாரா, போனாரா?

கன்னியாகுமரியில் படகு டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். 1892 டிசம்பரில் இங்கே வந்த விவேகானந்தர், கடலுக்குள் இருக்கும் பாறைக்கு நீந்திப் போய் தியானம் செய்தார் என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இதையே ‘ஸ்வாம் அக்ராஸ் டு தி ராக்’ என்பார்கள்.

செய்தி ஒன்றுதான், கட்டியிருக்கும் விதம்தான் வேறு. ஓர் ஆள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதைச் சொல்லும்போது இரண்டு தகவல்கள் வருகின்றன. எந்தப் பக்கம் போனார் என்பது வழி. எப்படிப் போனார் என்பது விதம். ஆங்கிலம் ‘ஸ்வாம்’ என்ற வினையில் விதத்தை வைத்துவிட்டு, வழியை ‘அக்ராஸ்’ என்ற சின்னச் சொல்லிடம் கொடுத்துவிடுகிறது. தமிழில் ‘போனார்’ என்ற வினைமுற்று வழியைச் சுமக்கிறது. ‘நீந்தி’ என்ற வினையெச்சம் அதற்கு முன்னால் வந்து விதத்தைச் சொல்கிறது.

எது தலை, எது துணை என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பாருங்கள். ‘நீந்தி’யை எடுத்தால் ‘பாறைக்குப் போனார்’ என்று வாக்கியம் நிற்கும். ‘போனார்’ என்பதை எடுத்தால் ‘பாறைக்கு நீந்தி...’ என்று அந்தரத்தில் தொங்கும். ஆங்கிலத்தில் நேர் எதிர். ‘அக்ராஸ்’ போனாலும் வாக்கியம் நிற்கும், ‘ஸ்வாம்’ போனால் நிற்காது.

அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மி, உலக மொழிகளை இந்த அடிப்படையில் இரண்டாகப் பிரித்தார். வழியை வினைச்சொல்லே சுமக்கும் மொழிகள் ஒரு வகை. தமிழ், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளை இதில் வைத்தார். வழியைத் துணைச்சொல்லோ முன்னொட்டோ சுமக்கும் ஆங்கிலம், ஜெர்மன், ரஷ்ய மொழிகள் இன்னொரு வகை. நுழை, ஏறு, இறங்கு, கட, தாண்டு என்று நம்மிடம் வழிக்கென்றே வினைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தால் காரணம் புரியும்.

ஆனால், இந்தக் கோடு அவ்வளவு கறார் கிடையாது. ஸ்பானிஷ் மொழியில் ‘வீட்டுக்குள் ஓடினான்’ என்று சொல்ல வேண்டுமென்றால், ‘ஓடிக்கொண்டே நுழைந்தான்’ என்றுதான் இயல்பாகச் சொல்வார்கள். நாமோ ‘வீட்டுக்குள் ஓடினான்’ என்றும் சொல்கிறோம். ஆனால் அவன் வெளியிலிருந்து உள்ளே வந்தானா, உள்ளேயே அங்குமிங்கும் ஓடினானா என்பது அந்த வாக்கியத்தில் தெளிவாக இல்லை. ‘வீட்டுக்குள் ஓடிவந்தான்’ என்றால் சந்தேகம் தீர்ந்தது. இங்கும் கடைசியில் வழிவினைதான் கைகொடுக்கிறது.

டிஜிட்டல் டெஸ்க்கில் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும் எங்களுக்கு இது தினசரிப் பிரச்னை. ஒரு விபத்துச் செய்தியில் ‘தி பாய் ரேன் அவுட் இன்டு தி ரோடு’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவசரத்தில் ‘சிறுவன் சாலையில் ஓடினான்’ என்று எழுதிவிடலாம். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் செய்தியே மாறிவிட்டது. சாலையில் ஓடிக்கொண்டிருந்த சிறுவனை ஓட்டுநர் தூரத்திலிருந்தே பார்த்திருக்கலாம். திடீரென்று சாலைக்கு ஓடிவந்தவனைப் பார்க்க அவகாசமே இருந்திருக்காது. தவறு யார் மேல் என்று வாசகர் நினைப்பது இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. ‘அவுட்’, ‘இன்டு’ இரண்டும் சொன்ன வழியை ‘சாலைக்கு’, ‘ஓடிவந்தான்’ என்று பிரித்துக் கொடுத்தால்தான் முழுச்செய்தி வந்து சேரும்.

அதிலும் ‘வந்தான்’ என்பதா, ‘போனான்’ என்பதா? ஆங்கில வாக்கியத்தில் இந்தக் கேள்வியே இல்லை. தமிழில், பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று முடிவுசெய்தாக வேண்டும். சாலையிலிருந்து பார்த்தால் ஓடிவந்தான், வீட்டிலிருந்து பார்த்தால் ஓடிப்போனான். கொஞ்சம் கவனம் வேண்டும். ‘வீட்டிலிருந்து ஓடிப்போனாள்’ என்று எழுதினால் நம்மூரில் அது வேறு கதை!

எதிர்த்திசையில் ஆபத்து இன்னும் அதிகம். தமிழில் சாட்சி ஒருவர் ‘அவன் வெளியே போனான்’ என்று மட்டும் சொல்வது இயல்பு. விதம் நமக்குக் கட்டாயமில்லை. நல்ல ஆங்கிலம் வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் ‘ரேன் அவுட்’ என்று போட்டால், சாட்சி சொல்லாத ஓட்டம் வாக்குமூலத்தில் ஏறிவிடும். ஓடியவன் பதற்றத்தில் இருந்தான் என்று படிப்பவர் நினைப்பார். ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டிலும் போலீஸ் விசாரணை வாக்குமூலங்களை ஆராய்ந்த லூனா ஃபிலிபோவிச், மொழிபெயர்ப்பில் நகர்வின் விதம் கூடுவதையும் குறைவதையும் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

ஆகவே, மொழிபெயர்த்து முடித்ததும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். மூலத்தில் இருந்த வழி தமிழில் வந்திருக்கிறதா? மூலத்தில் இல்லாத விதம் எங்காவது புகுந்திருக்கிறதா? விவேகானந்தர் பாறைக்குப் போனார் என்று மட்டும் எழுதினால் படகில் போனதாகவே இன்று நினைப்பார்கள். அங்கே ‘நீந்தி’ அவசியம். சாட்சியின் ‘போனான்’ வெறும் ‘போனான்’ ஆகவே இருக்கட்டும்.