காணாமல் போகாத ஒரு ரிங்கிட்



எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தின் பொருளாளராக இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி இருந்தாள். கண்காட்சிக்குப் பொருள் வாங்க அவளிடம் 60 ரிங்கிட் கொடுத்திருந்தேன். அவள் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் ஒழுங்காகக் கணக்கு எழுதினாள். பேட்டரியும் மின்கம்பியும் 28 ரிங்கிட், மீதம் 32. சிறு பல்புகள் 14 ரிங்கிட், மீதம் 18. மணிலா அட்டை 8 ரிங்கிட், மீதம் 10. பசையும் ஒட்டுநாடாவும் 9 ரிங்கிட், மீதம் 1. படிநகல் 1 ரிங்கிட், மீதம் ஒன்றுமில்லை.

கணக்கைச் சரிபார்த்த சக மாணவன் செலவுப் பத்தியைக் கூட்டினான். 60 வந்தது. பிறகு மீதப் பத்தியையும் கூட்டினான். 32, 18, 10, 1 சேர்ந்து 61 ஆனது. "செலவு 60, மீதம் 61. அந்த ஒரு வெள்ளி எங்கே?" என்று கேட்டுவிட்டான். அவளும் மூன்று முறை கூட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் 61தான் வந்தது. மறுநாள் காலையில் தன் சிற்றுண்டிக் காசிலிருந்து ஒரு ரிங்கிட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "டீச்சர், எங்கே தவறவிட்டேன்னு தெரியலை" என்றாள்.

நீங்கள் அவள் இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மேலே படிக்கும் முன் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூட்டலில் பிழை இல்லை. 32, 18, 10, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 61 என்பது உண்மை. ஆனால் அந்த 61 எதன் தொகை? இந்தக் கேள்வியை அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

செலவுப் பத்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு ரிங்கிட் கையை விட்டு ஒரே ஒரு முறைதான் போகும். பேட்டரிக்குக் கொடுத்த காசை மறுபடி பல்புக்குக் கொடுக்க முடியாது. ஆகவே செலவுகளைக் கூட்டினால் ஒவ்வொரு ரிங்கிட்டும் சரியாக ஒரு முறை எண்ணப்படுகிறது. 60 என்ற விடைக்குப் பொருள் இருக்கிறது.

மீதப் பத்தி அப்படியல்ல. படிநகலுக்குப் போன கடைசி ஒரு ரிங்கிட்டைப் பின்தொடர்ந்து பாருங்கள். 32 மீதம் இருந்தபோது அது அதற்குள் இருந்தது. 18 மீதம் இருந்தபோதும், 10 மீதம் இருந்தபோதும், 1 மீதம் இருந்தபோதும் இருந்தது. மீதங்களைக் கூட்டும்போது அந்த ஒரே ரிங்கிட்டை நான்கு முறை எண்ணுகிறோம். பசைக்குப் போன 9 ரிங்கிட்டை மூன்று முறையும், அட்டைக்குப் போன 8 ரிங்கிட்டை இரண்டு முறையும், பல்புக்குப் போன 14 ரிங்கிட்டை ஒரு முறையும் எண்ணுகிறோம். பேட்டரிக்குப் போன 28 ரிங்கிட்டை எண்ணவே இல்லை. 4, 27, 16, 14 என்று கூட்டிப் பாருங்கள். அதே 61 வரும். அது யாருடைய பணமும் அல்ல. சிலவற்றைப் பல முறை எண்ணி, சிலவற்றை எண்ணாமல் விட்டதால் வந்த ஓர் எண், அவ்வளவுதான்.

அப்படியானால் அது ஏன் 60-க்கு இவ்வளவு பக்கத்தில் வந்தது? தற்செயலாகத்தான். ஏமாற்றுவதும் அதுவேதான். அவள் 60 ரிங்கிட்டையும் ஒரே கடையில் கொடுத்திருந்தால் மீதங்களின் கூட்டுத்தொகை சுழியம். "60 ரிங்கிட்டும் காணோம்" என்று யாராவது சொல்வார்களா? முதலில் 1 ரிங்கிட், பிறகு இன்னொரு 1 ரிங்கிட் செலவழித்திருந்தால் மீதம் 59, 58. அந்த இரண்டும் சேர்ந்தாலே 117. "57 ரிங்கிட் அதிகமாக இருக்கிறது" என்று யாரும் மகிழ்ந்துபோக மாட்டார்கள். கணக்கு சந்தேகமாக இருந்தால் எண்களை இப்படி வேண்டுமென்றே பெரிதாக மாற்றிப் பாருங்கள். பிழை தானாக வெளியே வரும்.

இது பழைய புதிர்தான். செசில் ரீட் என்பவர் 1933-இல் இதே அமைப்பில் ஒரு கணக்கை எழுதினார். வங்கியில் 50 டாலர் போட்டவர் 20, 15, 9, 6 என்று எடுக்கிறார். மீதங்கள் 30, 15, 6. கூட்டினால் 51. கூடுதல் டாலர் யாருடையது என்பது கேள்வி. அமெரிக்காவில் விளையாட்டாகக் கேட்கப்பட்ட கேள்வி, எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளையின் நேர்மையைச் சந்தேகிக்க வைத்தது.

இதன் உடன்பிறப்பான இன்னொரு புதிரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அதில் பணம் கூடாமல் குறையும். நம் ஊர்க் கதையாகவே சொல்கிறேன். ஷா ஆலமில் மூன்று நண்பர்கள் பூப்பந்து ஆட ஆளுக்கு 10 ரிங்கிட் போட்டு 30 ரிங்கிட் கட்டுகிறார்கள். பகல் நேரக் கட்டணம் 25 ரிங்கிட்தான் என்று நிர்வாகிக்குப் பிறகு நினைவு வருகிறது. 5 ரிங்கிட்டைத் திருப்பித் தரச் சொல்லி உதவியாளரிடம் கொடுக்கிறார். உதவியாளர் 2 ரிங்கிட்டைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு ஆளுக்கு 1 ரிங்கிட் தருகிறார். ஆக ஒவ்வொருவரும் கொடுத்தது 9 ரிங்கிட், மூவருக்கும் 27. உதவியாளரிடம் 2. மொத்தம் 29. மீதி ஒரு ரிங்கிட் எங்கே?

இங்கேயும் முதலில் பணத்தைத் தேடிப் போவோம். 30 ரிங்கிட்டும் இப்போது எங்கெங்கே இருக்கிறது? கல்லாவில் 25, உதவியாளர் பையில் 2, நண்பர்கள் கையில் 3. மொத்தம் 30. எதுவும் தொலையவில்லை. அப்படியென்றால் 27-ஐயும் 2-ஐயும் கூட்டியதில்தான் கோளாறு. நண்பர்கள் கொடுத்த 27 எங்கே போனது? 25 கல்லாவுக்கு, 2 உதவியாளருக்கு. அந்த 2 ஏற்கெனவே 27-க்குள் இருக்கிறது. அதை மறுபடி கூட்டினால் இரண்டு முறை எண்ணியதாகிறது. நண்பர்கள் கையில் திரும்ப வந்த 3 விடுபட்டுப் போகிறது. 27-லிருந்து 2-ஐக் கழித்தால் கல்லாவில் உள்ள 25 கிடைக்கும். 27-உடன் 3-ஐக் கூட்டினால் முதலில் கட்டிய 30 கிடைக்கும். 27-உடன் 2-ஐக் கூட்டினால் கிடைப்பதற்குப் பெயரே இல்லை.

இதையும் சோதித்துப் பார்ப்போம். உதவியாளர் 5 ரிங்கிட்டையும் தானே எடுத்துக்கொண்டதாக வையுங்கள். நண்பர்கள் கொடுத்தது 30, உதவியாளரிடம் 5, மொத்தம் 35! காணாமல் போன ரிங்கிட் இப்போது ஐந்து குட்டி போட்டுவிட்டது. இன்னொன்று: கட்டணம் 10 ரிங்கிட் மட்டுமே. திருப்பித் தர வேண்டியது 20. உதவியாளர் 2 எடுத்துக்கொண்டு ஆளுக்கு 6 தருகிறார். நண்பர்கள் கொடுத்தது ஆளுக்கு 4, மூவருக்கும் 12. அதனுடன் 2 சேர்ந்தால் 14. "16 ரிங்கிட் காணோம்" என்று சொன்னால் எந்த மாணவரும் நம்ப மாட்டார். 29 மட்டும் 30-க்கு அண்டை வீட்டுக்காரர் என்பதால் நம்பிவிடுகிறோம்.

நம் முன்னோருக்கு இந்தக் குழப்பத்துக்கு மருந்து தெரியும். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் வட்டித்தொழில் நடத்திய செட்டியார்கள் தமிழிலேயே பேரேடு எழுதினார்கள். 'பற்று வரவு' என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதன் உள்ளர்த்தமே பணம் வந்த பக்கத்தையும் போன பக்கத்தையும் தனித்தனியே எழுது என்பதுதான். நம் புதிரை அப்படி எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம், நண்பர்கள் கையிலிருந்து போனது 27. மறுபக்கம், கல்லாவுக்கு வந்தது 25, உதவியாளருக்கு வந்தது 2. இரு பக்கமும் சமம். 27 ஒரு பக்கம், 2 மறுபக்கம். கோட்டைத் தாண்டிக் கூட்டக் கூடாது, ஒப்பிடத்தான் வேண்டும். பணக் கணக்கில் புதிர் போடுபவர் செய்வதெல்லாம் அந்தக் கோட்டை அழித்துவிடுவதுதான்.

இது காசோடு நிற்கும் விஷயமல்ல. 2020-இல் கோவிட் பரவியபோது சுகாதார அமைச்சு நாள்தோறும் இரண்டு எண்களை அறிவித்தது. ஒன்று, அன்று புதிதாகத் தொற்றியவர்கள். மற்றொன்று, இன்னும் குணமடையாமல் இருப்பவர்கள். முதல் எண் செலவுப் பத்தி போன்றது. நாள்தோறும் கூட்டினால் அதுவரை பதிவான மொத்தத் தொற்றுகள் கிடைக்கும். இரண்டாவது எண் மீதப் பத்தி போன்றது. பத்து நாள் நோயுற்றிருந்த ஒருவர் பத்து நாளும் அதில் இருப்பார். அதைக் கூட்டினால் ஒருவர் பத்துப் பேராகிவிடுவார். இரண்டும் ஒரே திரையில், ஒரே மாதிரி எண்களாகத்தான் தெரியும். எதைக் கூட்டலாம் என்பதை எண் சொல்லாது. அது எதை எண்ணியது என்பதுதான் சொல்லும்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். பிழை மாணவர்களுடையது மட்டுமல்ல. ஆசிரியர்களாகிய நாங்களும் அதைப் பழக்கியிருக்கிறோம். 1979-இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் ஆய்வாளர்கள் சிறுவர்களிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 பேரில் 76 பேர் கொடுத்த எண்களைக் கொண்டே ஒரு விடையைக் கணக்கிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்லர். பள்ளியில் தரப்படும் கணக்குக்கு எப்போதும் விடை உண்டு, கொடுத்த எண்களை எப்படியாவது பயன்படுத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டவர்கள். நம் பயிற்சி நூல்களிலும் 'மொத்தம்' என்ற சொல்லைக் கண்டதும் கூட்டினால் போதும். கூட்டக் கூடாத எண்கள் அங்கே வருவதே இல்லை. வர வேண்டும் என்கிறேன். பத்துக் கணக்கில் ஒன்றாவது, 'இவற்றைக் கூட்ட முடியாது, காரணம் இது' என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும் கணக்காக இருக்க வேண்டும்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். இரண்டு எண்களுக்கு நடுவே கூட்டல் குறி போடும் முன், விடையின் பெயரை எழுதுங்கள். 'எல்லாக் கடைகளுக்கும் கொடுத்த பணம்', 'இப்போது கல்லாவில் இருக்கும் பணம்' என்பது போல. பெயர் எழுத வரவில்லை என்றால் கூட்டாதீர்கள்.

அந்த மாணவியின் ரிங்கிட்டை அன்றே திருப்பிக் கொடுத்தேன். அவளும் அந்த மாணவனும் சேர்ந்து நோட்டைத் திறந்து, கடைசி ஒரு ரிங்கிட் எந்தெந்த மீதத்தில் ஒளிந்திருந்தது என்று பென்சிலால் வட்டமிட்டார்கள். நான்கு வட்டங்கள் வந்தன. நான்காவதைப் போட்டதும் அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான்.