டிராக்டருக்கும் சந்தாவா?

கரும்புப் பணம் மொத்தமாக வரும். பால் பணம் சிறுகச் சிறுக வரும். ஆனாலும் பால் சங்கத்தில் பால் ஊற்றும் விவசாயிக்குத்தான் மளிகைக் கடைக்காரர் தயங்காமல் கடன் தருகிறார். அடுத்த பட்டுவாடா எப்போது என்பது அவருக்குத் தெரியும். பெரிய கம்பெனிகளில் பணம் போடுவோரின் கணக்கும் இதுவே.

அமெரிக்காவின் ஜான் டீர் டிராக்டர் கம்பெனி இதற்கு நல்ல உதாரணம். விளைபொருள் விலை இறங்கினால் விவசாயி புது டிராக்டர் வாங்குவதைத் தள்ளிப்போடுவார். அக்கம்பெனியின் நிகர லாபம் 2023 நிதியாண்டில் சுமார் 1,017 கோடி டாலர். 2024-ல் சுமார் 710 கோடி டாலர்தான். முதலீட்டாளர் அஞ்சுவது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். ஆகவேதான், 2030-க்குள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை மென்பொருள் கட்டணமாகவே பெறுவதென்று அக்கம்பெனி 2022-ல் இலக்கு வைத்தது. செயற்கைக்கோள் உதவியால் டிராக்டரை நேர்கோட்டில் செலுத்தும் சாதனத்தை, முன்பணத்தைக் குறைத்து ஆண்டுச் சந்தாவுக்குத் தரும் முறையும் வந்திருக்கிறது.

ஒரு சாதனத்தின் விலை ரூ.1 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 100 பேருக்கு விற்றால் உடனே ரூ.1 கோடி கிடைக்கும். ஆனால் அடுத்த ஆண்டு புதிதாக 100 பேரைத் தேட வேண்டும். அதையே ஆண்டுக்கு ரூ.25,000 சந்தாவுக்குக் கொடுத்தால் முதல் ஆண்டு வரவு ரூ.25 லட்சம்தான். ஆண்டுதோறும் பத்தில் ஒருவர் விலகினாலும், மறு ஆண்டு புதிதாக ஒருவரும் சேராமலே ரூ.22.5 லட்சம் வரும். சராசரியாக ஒருவர் 10 ஆண்டு கட்டுவார். அவரிடமிருந்து மொத்தம் ரூ.2.5 லட்சம் கிடைக்கும்.

ஆண்டுதோறும் பாதிப் பேர் விலகினாலோ, ஒருவரிடமிருந்து ரூ.50,000 மட்டுமே தேறும். மொத்த விற்பனையே மேல் என்றாகிவிடும். எனவே, சேர்ந்தவர் எத்தனை பேர் என்பதைவிட, விலகுபவர் எத்தனை பேர் என்பதையே விவரமறிந்த முதலீட்டாளர் முதலில் கேட்பார்.

விவசாயி கவனிக்க வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. கம்பெனியின் நிம்மதி, விவசாயி விலகாமல் இருப்பதைப் பொறுத்தது. மகசூல் பொய்த்த ஆண்டிலும் சந்தா நிற்காது. அறுவடைக்கு அறுவடை வருமானம் பார்ப்பவருக்கு இது சுமைதான். ஆகவே சந்தா கேட்கும் எந்தச் சாதனத்தையும் வாங்குமுன், அது உழைக்கும் ஆண்டுகளுக்கெல்லாம் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பணம் நின்றால் எது ஓடும், எது நிற்கும், கட்டணத்தை உயர்த்தும் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பதில் தராத கம்பெனிக்கு, முன்பணம் குறைவு என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போடுவது கூடாது.